முற்பணமும் ஒரு மரணச் செய்தியும்

கடந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், காலமாகிவிட்டார். இரவு பஸ்ஸில் இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பல்வைத்தியரிடம் நேரம் ஒதுக்கியிருந்தது நினைவுக்கு வந்தது. வேர்ச்சிகிச்சையின் இரண்டாம் கட்டம். ஒன்றரை மணிநேர வேலை. ஆறாயிரம் ரூபாய் முற்பணம் கட்டியிருந்தேன். "நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்குள் ரத்துச் செய்தால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் அடியில் மும்மொழியிலும் அச்சிட்டிருந்தார்கள். மிஞ்சியிருந்ததோ முப்பத்தெட்டரை மணித்தியாலங்கள்.

ஏழு மணிக்கு, கிளினிக் மூடுவதற்குள் அழைத்தேன். என் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைச் சொன்னேன். "அத்தான் இறந்துவிட்டார், ஊருக்குப் போகிறேன். முற்பணம் திரும்பாது என்பது தெரியும். அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லும்போது எனது குரல் தடுமாறியது. துயரம் மட்டும் அதற்குக் காரணமல்ல. பல ஆண்டுகளுக்கு முன் சனல் பண்ணிய வைத்தியரிடம் போக மறந்துவிட்டு, இல்லாத மாமா ஒருவரைச் சாகடித்துப் பணத்தைத் திரும்பப் பெற்றவன் நான். அன்று பொய் சுலபமாக வந்தது. இன்று உண்மையைச் சொல்லும்போது அது பொய்போல் ஒலித்துவிடுமோ என்று அஞ்சினேன்.

வரவேற்பிலிருந்த பிள்ளை, "டொக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன் ஐயா" என்றார். கால் மணிநேரத்தில் வைத்தியரே அழைத்தார். முதலில் அனுதாபம் தெரிவித்தார். அடுத்ததாகப் பல்லைப் பற்றிப் பேசினார்: இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்பு, சில வாரங்களுக்கு மேல் அதை நம்பக்கூடாது, கசிந்தால் கிருமி மீண்டும் உள்ளே போய்விடும், அந்தப் பக்கத்தால் கடிக்கவேண்டாம், வீங்கினால் அங்கேயே ஒரு பல்வைத்தியரைப் பாருங்கள். கடைசியில்தான், "முற்பணத்தைப் புதிய திகதிக்கு மாற்றிவிட்டேன்" என்றார். மரண அறிவித்தலையோ சான்றிதழையோ கேட்கவில்லை.

எட்டுச்செலவு முடிந்து கொழும்பு திரும்பியதும் சிகிச்சை நிறைவேறியது. பத்திரிகைக்காரப் பழக்கம் போகாதல்லவா? எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இது தண்டனை இல்லை ஐயா. ஒன்றரை மணிநேர இடத்தை ஒரே நாளில் நிரப்ப முடிவதில்லை. ஆனால் தாதியின் சம்பளமும் வாடகையும் நிற்காது" என்று தொடங்கினார். விதியைத் தளர்த்துமுன் இரண்டு கேள்விகளை அவர் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்கு முன்னர் இது இவருக்குத் தெரிந்திருக்க முடியுமா? தெரிந்ததும் தாமதமின்றி அறிவித்தாரா? கல்யாண வீடு முன்கூட்டியே தெரியும். பிள்ளைக்கு வந்த காய்ச்சல் தெரியாது. இரண்டிலும் தேறினால், பணத்தைப் புதிய திகதிக்கு ஒருமுறை மாற்றுகிறார். வெற்றிடம் முழுமையாக நிரம்பிவிட்டால், கேட்பவர்களுக்குத் திருப்பியும் கொடுக்கிறார். முடிவை வரவேற்பாளரின் தலையில் சுமத்துவதில்லை. மறுக்க மட்டுமே அதிகாரமுள்ள பிள்ளையிடம் மன்றாட வைப்பது இருவருக்கும் அவமானம் என்பது அவர் கருத்து.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் அந்த விதியையே நிறுத்திவைத்து, நேரம் ஒதுக்கிய அனைவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினாராம். "கேட்கத் துணிந்தவர்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், கூச்சப்பட்டவர்கள் பணத்தை இழப்பார்கள்" என்றார்.

பொய் சொல்பவர்களை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டபோது என் கண்கள் தரையில் இருந்தன. "முதல் தடவை நம்புவேன். கொப்பியில் குறித்துவைப்பேன். மூன்றாவது பாட்டியும் இறந்தால், அடுத்த முறை முழுக் கட்டணத்தையும் முன்னரே வாங்குவேன். சான்றிதழ் கேட்டால், உண்மையிலேயே செத்தவீட்டிலிருந்து பேசுபவரைத்தான் அது முதலில் நோகடிக்கும்."

அந்தச் சனிக்கிழமை என் இடம் நிரம்பியதா என்றும் விசாரித்தேன். காத்திருப்போர் பட்டியலில் இருவரை அழைத்ததில் ஒருவர்தான் வந்தார். முக்கால் மணிநேரம் வெறுமையாகப் போயிற்று. அந்த நட்டத்தையாவது தருகிறேன் என்று பணப்பையை எடுத்தேன்.

"வேண்டாம் ஐயா, அதை அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்" என்று அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்.

சலுகை கொடுத்தவர் பின்னர் அதைச் சொல்லிக்காட்டாதிருப்பதும், பெற்றவர் அதை உரிமையாக்கிக்கொள்ளாதிருப்பதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அந்தப் பழைய மாமாவின் பணம் மட்டும் என் கணக்கில் இன்னும் பாக்கியாகவே கிடக்கிறது.