"வெரி குட்" போட்ட கை

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

என்னோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்த கணக்கு வாத்தியார் போன வருடம் காலமானார். அவர் மனைவி வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பெங்களூர் போகிறார். "சார், பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரல. நீங்க ஆன்லைன்ல விக்கிறீங்களே, அவர் புஸ்தகத்தையும் வித்துக் குடுங்களேன்" என்றார். பணம் தேவை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அலமாரியில் பெரும்பாலும் நூறு, இருநூறுக்குப் போகிற புத்தகங்கள். ஒன்றே ஒன்றுதான் பொருள். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் தொடரை அவருடைய அப்பா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகத்தையும் ஐந்து வால்யூமாக பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் படங்களோடு. கடையில் வாங்கும் பதிப்புகளை விட இதைத் தேடுகிறவர்கள் உண்டு, அந்தப் படங்களுக்காகவே.

விற்கிற தளத்தில் புத்தகத்தின் நிலையைக் குறிக்க நாலே நாலு கட்டம்: லைக் நியூ, வெரி குட், குட், அக்செப்டபிள். நான் 'வெரி குட்' போட்டேன். ஐந்துக்கும் சேர்த்து 9,000 ரூபாய். மூன்றாம் நாளே மதுரையிலிருந்து ஒருவர் பணம் கட்டிவிட்டார்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நான் விற்க ஆரம்பித்த புதிதில், என் சொந்த நாவல் ஒன்றை இப்படித்தான் 'வெரி குட்' என்று அனுப்பினேன். வாங்கியவர் படம் எடுத்து அனுப்பிக் கேட்டார்: "இதுவா சார் வெரி குட்?" முதுகில் செல்லோடேப் ஒட்டி, அது காய்ந்து பழுப்பாகிக் கறை பிடித்திருந்தது. இருபது வருடமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. மூக்கும் அப்படித்தான். நம் வீட்டு அலமாரியின் ஈர வாடை நமக்கு வராது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். (நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.)

இந்த 'குட்' என்ற சொல்லே நம்மைப் போன்றவர்களை ஏமாற்றும். பள்ளியில் 'குட்' போட்டால் பையன் வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டுவான். பழைய புத்தக வியாபாரத்தில் அது ஏறக்குறைய கடைசிப் படிக்கு முந்தியது. 1949-ல் அமெரிக்காவில் பழைய புத்தக வியாபாரிகளுக்கான ஒரு வாரப் பத்திரிகை இந்தப் படிகளுக்கு வரையறை எழுதியது. அதன்படி 'குட்' என்றால் புழங்கித் தேய்ந்த சாதாரணப் பிரதி. ஆனால் பக்கங்கள் அத்தனையும் இருக்க வேண்டும், குறை எதுவானாலும் எழுதிச் சொல்ல வேண்டும். ஒரு தாள் இல்லையென்றால் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் அது 'குட்' கூட இல்லை. ஆக முதல் கேள்வி அழகு இல்லை, முழுமை.

பார்சல் கட்டுவதற்கு முந்தின ராத்திரி அந்த ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். பைண்டு செய்த தொடரில் பக்க எண்ணை நம்ப முடியாது. அது அந்தந்த வார இதழின் எண், தாவித் தாவித்தான் போகும். அத்தியாய எண்ணைப் பிடித்துத்தான் போக வேண்டும். முதல் பாகம் 57, இரண்டாவது 53, மூன்றாவதும் நாலாவதும் 46, ஐந்தாவது 91. ஒவ்வொரு அத்தியாயமாகத் தாளைத் தொட்டு எண்ணினேன். எண் சரியாக இருப்பதும் போதாது. ஒரு தாளின் கடைசி வாக்கியம் அடுத்த தாளில் தொடர்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நடுத்தாள் விழுந்திருந்தால் அத்தியாய எண் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று தையல். கிழித்த ஒற்றைத் தாள்களை மடித்துத் தைக்க முடியாது. பக்கவாட்டில் துளை போட்டுத்தான் தைப்பார்கள். அதனால் உள் ஓரத்து எழுத்து தையலுக்குள் புதைந்துவிடும், புத்தகமும் விரித்து வைத்தால் நிற்காது. பிறகு பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் போடும்போது கை கொஞ்சம் தாராளமாகப் போனால் மேல் வரியோ படத்தின் ஓரமோ போய்விடும். மூன்றாம் வால்யூமில் பதினோரு தாளில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தாள் பழுப்பு. அது வயசு, குற்றம் இல்லை. ஆனால் ஐந்தாம் வால்யூமைப் புரட்டியபோது மடியில் பொடிப்பொடியாகத் தாள் உதிர்ந்தது. பழுத்த தாள் வேறு, முறுகிய தாள் வேறு. முறுகியதைப் பத்து தடவை புரட்டினால் ஓரம் மிஞ்சாது, வாங்குகிறவர் படிக்க வாங்குகிறாரா வைக்க வாங்குகிறாரா என்பதையே அது மாற்றிவிடும்.

இரண்டாம் வால்யூமின் முதுகை வெள்ளைத்தாள் மேல் தட்டினேன். மாவு மாதிரி கொட்டியது. துடைத்துவிட்டு, புதுத்தாள் விரித்து அதன் மேலேயே வைத்தேன். மறுநாள் காலையில் தாள் சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த நாளும். பழைய பூச்சி அரிப்பு என்றுதான் தோன்றியது. மறுபடி மாவு கொட்டியிருந்தால் எந்தப் படியும் போடக்கூடாது, விற்கவே கூடாது. வாங்குகிறவர் அலமாரி முழுக்கப் பரவிவிடும்.

நாலாம் வால்யூமில்தான் மாட்டிக்கொண்டேன். நடுவில் ஒரு தாளில் ஓட்டை. முழுப்படம் ஒன்றை பிளேடால் நேர்க்கோடாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்துக் கதையும் அதோடு போயிற்று.

ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். பணம் வந்துவிட்டது. 293 அத்தியாயத்தில் ஒரு தாளை அவர் எப்போது கண்டுபிடிக்கப் போகிறார்? அந்தம்மாவிடம் 9,000 என்று வேறு சொல்லிவிட்டேன். நான் போட்டது அவர்களுக்காக, எனக்காகவா என்றெல்லாம் மனசு வாதாடியது. அப்புறம் போனை எடுத்து, வெட்டுப்பட்ட தாள், உதிரும் ஓரம், மூன்றாம் வால்யூமின் கட்டிங் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினேன். "நான் வெரி குட் என்று போட்டது தப்பு. அக்செப்டபிள்தான். வேண்டாமென்றால் முழுப்பணமும் திருப்புகிறேன்."

பதில் வர ஒரு நாள் ஆனது. "6,000-க்கு எடுத்துக்கிறேன் ஐயா. அந்தப் படம் கிடைச்சா சொல்லுங்க, தனியா தர்றேன்."

அந்தம்மா வீட்டுக்குப் போய் மூவாயிரம் குறைந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து உள்ளே போய், பாதி கட்டியிருந்த ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஃபிரேமை எடுத்து வந்தார். "இதுவா சார்? கல்யாணமான புதுசுல அவரே வெட்டி ஃபிரேம் போட்டுக் குடுத்தது. மாமனாருக்குத் தெரிஞ்சு ஒரு வாரம் பேசல."

மதுரைக்காரர் தனியாகப் பணம் தருவதாகச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

"இது என்கூட வருது சார்" என்று மறுபடி பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடினார்.

நேற்று பார்சல் அனுப்பியாயிற்று. நாலாம் வால்யூமில் அந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். 'இங்கிருந்த படம் முதல் வீட்டில் இருக்கிறது' என்று பென்சிலில் எழுதி.