புத்தளத்திலிருந்து வந்த அளவுத் துண்டு

உப்புக்குளத்தில் அபாயா தைக்கும் நானா ஒருவரிடம் நண்பர் என்னை அழைத்துப் போனார். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது புத்தளம் போய், அங்கே தொழில் பழகி, போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். அவரிடம் தைப்பவர்களில் பலர் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள். ஆள் வருவதில்லை, அங்குள்ள துணிக்கடை வழியாகத் துணியும், கைபேசியில் அளவுத் துண்டின் படமும் வருகின்றன.

அன்று வந்த படத்தை என்னிடம் நீட்டினார். நீளம் 54. தோள் 14, பக்கத்தில் இரண்டு சிறு கோடு. நெஞ்சு 21. கை நீளம் 56. கை வாய் 5. துணி 3. எதற்கும் அலகு இல்லை.

"கையைப் பாருங்க தம்பி. 56 இஞ்சிக் கை யாருக்கு இருக்கு?"

அளவு நாடாவின் ஒரு முகத்தில் 60 இஞ்சி, மறுமுகத்தில் 150 சென்டிமீட்டர். நடுவில் நாடா புரண்டிருக்கிறது. 56 சென்டிமீட்டர் என்றால் 22 இஞ்சி, கைக்குச் சரி. நீளம் 54 இஞ்சியேதான், சென்டிமீட்டராக இருந்தால் சின்னப் பிள்ளையின் சட்டை. துணி கடையில் மீட்டரில் வெட்டுவது, ஆகவே 3 மீட்டர்.

தோளில் ஒரு கோடு கால், இரண்டு கோடு அரை, மூன்று முக்கால். படத்தில் தாளின் மடிப்பும் கோடுபோல் விழும். நானா படத்தைப் பெரிதாக்கினார். மடிப்பென்றால் அடுத்த வரிக்கும் ஓடும். பேனாக் கோடு அங்கேயே நிற்கும். இரண்டும் நின்றன. 14½ இஞ்சி.

அவரை நெடுநேரம் நிறுத்தியது நெஞ்சு 21. வளர்ந்த பெண்ணுக்கு அது முழுச் சுற்றாகாது. பழைய அபாயாவைத் தரையில் விரித்து அளந்திருந்தால் இரட்டித்து 42 இஞ்சி. தளர்ச்சி அதற்குள்ளேயே இருக்கும். உடம்பில் எடுத்த சுற்றைப் பாதியாக்கி எழுதியிருந்தால் அந்த 42க்கு மேல் இன்னும் ஆறு இஞ்சி விடவேண்டும். தவறாகப் பிடித்தால் ஒன்று சாக்குப்போல் தொங்கும், மற்றது மூச்சு முட்டும். கை வாய் 5 என்றிருப்பதால், விரித்து அளந்ததாகத்தான் இருக்கும் என்றார். ஆனாலும் ஊகத்தில் கத்தரி வைப்பதில்லை.

கடைக்குக் கோல் எடுத்தார். "அனுப்பினதைத் தைங்க" என்று வைத்துவிட்டார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தையல் கூலியில் பங்கு கடைக்கு. அளவு பிசகினால் துணியின் விலை தையல்காரர் தலையில். படம் எடுத்து அனுப்புகிறவர் அலகையும் எழுத ஒரு நிமிடம் ஆகுமா? பிழையின் செலவு தன்னைத் தொடாதவரை அவர் எழுதப்போவதில்லை. நட்டத்தில் பாதியையாவது கடை ஏற்கவேண்டும்.

தாளின் ஓரத்தில் இருந்த எண்ணுக்கு நானாவே பேசினார். பழைய அபாயாவைப் பாயில் விரித்து அளந்ததாம்; கையை மட்டும் மகள் அளந்தாளாம். நானா தன் கொப்பியில் புதிதாக எழுதினார்: நீளம் 54 இஞ்சி, தோள் 14½ இஞ்சி, நெஞ்சுச் சுற்று தளர்ச்சியோடு 42 இஞ்சி, கை நீளம் 22 இஞ்சி, கை வாய்ச் சுற்று 10 இஞ்சி, துணி 3 மீட்டர். அதைப் படமெடுத்து அந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டு, பதில் வரட்டும் என்று வேறொரு துணியை வெட்ட எடுத்தார்.