உடம்பு அளவா, சட்டை அளவா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நேற்று போனில், "அளவைக் குறைச்சுத் தைச்சு அனுப்பிட்டீங்க" என்று உங்கள் கடைப் பையனிடம் சத்தம் போட்டேன். அது பொய். சத்தம் போடும்போதே எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் அளவுச் சீட்டைக் கொடுத்தபோது அந்தப் பையன்தான் கேட்டான்: "சார், இது உடம்பு அளவா, சட்டை அளவா?" கேள்வி எனக்குப் புரியவில்லை. பள்ளி ஆபீசில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அவனிடம் விளக்கம் கேட்கக் கூச்சமாக இருந்தது. "சட்டை அளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

நான் எடுத்தது உடம்பு அளவு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரையும் நிறுத்தி, மார்பைச் சுற்றி டேப்பை ஒட்டிப் பிடித்து எழுதினேன். 26 அங்குலம் வந்த பிள்ளைக்கு, மூச்சு விடவும் கை தூக்கவும் நாலு அங்குலம் சேர்த்து 30 நம்பர் சட்டை வேண்டும். நான் 26 என்றே எழுதினேன். நீங்கள் 26 என்றே தைத்தீர்கள். போட்டுப் பார்த்து ஒருவன் கையைத் தூக்கினான். பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தது, சட்டை தொப்புளுக்கு மேலே ஏறியது. பேண்ட் என்றால் அடிமடிப்பைப் பிரித்து இறக்கலாம். சட்டையின் பக்கத் தையலுக்குள் பிரித்துவிடத் துணி இல்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளுக்கு இரண்டாக மொத்தம் 68 சட்டை: 24 நம்பர் 18, 26 நம்பர் 34, 28 நம்பர் 16. உடம்பு அளவு 24 உள்ள ஒன்பது பிள்ளைகளுக்கு 28 நம்பர்தான் சரி. அதனால் அந்த 16 இங்கேயே இருக்கட்டும். இன்னும் வேண்டியது 28-இல் 2, 30-இல் 34, 32-இல் 16, ஆக 52.

சட்டைப் பையில் எங்கள் பள்ளிச் சின்னம் இருப்பதால் திரும்பி வருவதை வேறு யாருக்கும் நீங்கள் விற்க முடியாது என்பது தெரியும். ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆர்டரை நீங்கள் இன்னும் வெட்டவில்லை என்று பையன் சொன்னான். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த 24-உம் 26-உம் சரியாக இருக்கும், அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 52-க்கு 50தான் திரும்பி வரும். ஒரு அம்மா பட்டாசு ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரலெல்லாம் அலுமினியப் பொடி. "கை கழுவிட்டு வாரேன் சார்" என்றவரை, "பரவாயில்லம்மா, பிள்ளைக்குப் போட்டுப் பாருங்க" என்று அவசரப்படுத்தினேன். 26 நம்பர் சட்டை இரண்டிலும் காலரில் வெள்ளிக் கறை. அந்த அம்மாவிடம் காசு கேட்க முடியாது. என் கணக்கில் எழுதுங்கள்.

மீதி எல்லாம் துவைக்காமல், மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஜூன் 2 பள்ளி திறப்பு. முதலில் 30 நம்பரை மட்டுமாவது கொடுத்தால் பாதி வகுப்பு தப்பிக்கும். புதன்கிழமை விருதுநகர் பஸ்ஸில் மூட்டையோடு நானே வருகிறேன்.

தலைமையாசிரியரிடமும் உங்கள் மேல்தான் பழி போட்டிருந்தேன். இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு அந்தப் பையனை நீங்கள் திட்டியிருந்தால், இந்தக் கடிதத்தை அவனிடமும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி எழுத்தர்