‘பிடிக்கவே மாட்டோம்!’ - ஒரு முன்பணத்தின் கணக்கு

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அந்தத் தம்பதி, மாமியாரின் ஆபரேஷனுக்காகப் பட்டறை முதலாளியிடம் 80,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். வட்டி கிடையாது. அதைவிட நிம்மதியாக இருந்தது முதலாளி சொன்ன வார்த்தைதான். “வாரக்கூலியில ஒத்த ரூபா பிடிக்க மாட்டேன். நீங்க எப்ப வேலையை விட்டுப் போறீங்களோ, அன்னிக்கு மொத்தமா வச்சிட்டுப் போங்க.”

நல்ல மனிதர் என்றுதான் நினைத்தார்கள். கெட்டவர் என்று இன்றும் அந்தப் பெண் சொல்வதில்லை.

இரண்டு வருடம் ஓடியது. சனிக்கிழமைதோறும் கூலி சரியாக வந்தது. இருவரும் சேர்ந்து வாரத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓட்டினார்கள். மீட்டருக்கு 3 ரூபாய். ஆக 4,500. பாவு வராத நாளிலும், கரன்ட் இல்லாத நேரத்திலும் கூலி இல்லை. ஆனால், அப்போதும் வேறு பட்டறைக்குப் போக முடியாது.

பக்கத்துத் தெருப் பட்டறையில் அதே துணிக்கு மீட்டருக்கு 3 ரூபாய் 40 காசு கொடுக்கிறார்கள் என்று தண்ணீர்க் குழாயடியில்தான் தெரிந்தது. கூலியை ஏற்றிக் கேட்டார் கணவர். “கட்டலைன்னா பணத்தை வச்சிட்டுக் கிளம்புப்பா” என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 80,000 ரூபாயை ஒரே நாளில் வைக்க முடிந்தவர்கள் அதை ஏன் வாங்கப்போகிறார்கள்?

அன்று இரவு மகளின் நோட்டில் அந்தப் பெண் கணக்குப் போட்டார். மீட்டருக்கு 40 காசு குறைவு. 1,500 மீட்டருக்கு வாரம் 600 ரூபாய். வருடத்தில் 50 வாரம் வேலை என்றால் 30,000. மகளிர் குழுவில் பழகியவர் என்பதால் வட்டி போட அவருக்குத் தெரியும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால்கூட வருடத்துக்கு 28,800தான் ஆகியிருக்கும். வட்டியில்லாத பணத்துக்கு அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் 60,000 போயும், அசல் 80,000 அப்படியே உட்கார்ந்திருந்தது.

வாரம் 500 பிடித்திருந்தால் கையில் சுருங்கியிருக்கும், கடனும் சுருங்கியிருக்கும். பிடிக்காமல் விட்டதுதான் அவர்களைப் பிடித்துவைத்தது.

முன்பணம் வாங்கினாலே கொத்தடிமை என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பணத்தைக் காரணமாக்கி வேறு வேலைக்குப் போகவோ, வெளியூர் போகவோ, உழைப்பை வெளியில் நடக்கும் கூலிக்கு விற்கவோ விடாமல் தடுத்தால், அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தால், அது 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். அப்படியானால் கடனே செல்லாது. அதைத் திரும்ப வாங்குவதும் குற்றம். கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுத்தால் விசாரித்து, விடுதலைச் சான்று தர வேண்டும்.

இதை அவருக்கு விளக்கியவர் தெரிந்த ஒரு தொழிற்சங்கக்காரர். ஆனால், கணவருக்கு மனு கொடுக்கத் துணிவில்லை. அதே ஊரில்தானே நாளைக்கும் தறி ஓட்ட வேண்டும்?

அவர்கள் அந்த ஊரில் வழக்கமாக நடக்கும் வழியையே எடுத்தார்கள். 3 ரூபாய் 40 காசு கொடுக்கும் பட்டறைக்காரர் பழைய பாக்கியை அடைத்து அவர்களை எடுத்துக்கொள்ளத் தயார். ஆள் கிடைக்காத தொழிலில் அவருக்கும் இது தேவை. பலர் இந்த இடத்தில், பழைய பாக்கிக்கு மேல் இன்னும் பத்தாயிரம் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெண் பணம் கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்டார்.

“வாரம் 600 பிடிச்சுக்குங்க ண்ணா. நாங்களும் ஒரு நோட்டு வச்சுக்குறோம், சனிக்கிழமை அதுல மீட்டரும் பாக்கியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நடுவுல போக வேண்டி வந்தா, மிச்சத்தை அங்கிருந்து மாசாமாசம் கட்டுறோம்.”

முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு, “அப்பப் பாத்துக்கலாம்மா” என்றார். அது சம்மதமில்லை என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் பாக்கி குறையக் குறைய அந்தப் பயமும் குறையும் என்று போனார். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டபோது மட்டும், தொகையை எழுதிய பிறகுதான் போட்டார்.

வாரக்கூலி 5,100. பிடித்தம் போகக் கையில் அதே 4,500. வீட்டுச் செலவில் ஒரு மாற்றமும் இல்லை. 134 வாரத்தில் கடன் முடியும்.

தீபாவளிக்கு முதல் வாரம் முதலாளியே கூப்பிட்டு, “பதினஞ்சாயிரம் தரட்டுமா?” என்றார். கணவரின் முகம் மலர்ந்தது. அவர் நோட்டைப் பிரித்தார். அது இன்னும் 25 வாரம்.

மகளுக்குப் பாவாடை, வீட்டுக்குப் பலகாரம் என்று 3,000 மட்டும் வாங்கினார்கள். அதை எழுதி, பக்கத்திலேயே ‘5 வாரம்’ என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.