சிவப்புச் சாய்சதுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கழிவறையில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டு, அதன் மேலேயே புட்டியிலிருந்த ஆசிட் திரவத்தை ஊற்றிவிட்டாள். ஒரு நிமிஷத்தில் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். திண்ணையில் காற்றாட உட்கார வைத்தேன். சாயங்காலம் வரை தொண்டை எரிந்தது. புட்டியின் எழுத்துக்கள் பொடி. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முனையில் நிற்கிற சதுரம், சிவப்பு ஓரம். உள்ளே இரண்டு குழாய்களிலிருந்து திரவம் சொட்டுகிறது. ஒன்று உலோகக் கட்டியின் மேல், மற்றது ஒரு கையின் மேல். விழுந்த இடங்கள் அரிபடுகின்றன.

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மாமா எட்டிப் பார்த்தார். "செகப்பால்ல இருக்கு. ஒண்ணாம் நம்பர் வெசம்டா."

அவர் வாசிப்பில் பிழையில்லை, இலக்கணம்தான் வேறு. அவர் அறிந்தது 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின் சாய்சதுரம். அதன் கீழ்ப்பாதி நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை இறங்கும். மண்டையோடு சிவப்புக்கு மட்டும். என் படத்திலிருப்பதோ 2003-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முறை. அதில் ஒன்பது படங்கள், ஒன்பதுக்கும் அதே சிவப்பு ஓரம். நிறம் இங்கே எதையும் அளப்பதில்லை. கடுமையைச் சொல்வது பக்கத்திலிருக்கும் ஒற்றை வார்த்தை: 'டேஞ்சர்' என்றால் அதிகம், 'வார்னிங்' என்றால் குறைவு. மாமாவின் மருந்து டப்பாவில் 'டேஞ்சர்' மூன்றாம் படியான நீலத்துக்குரியது. ஒரே சொல், இரண்டு சாய்சதுரங்களில் இரண்டு எடை. (வங்கியில் கையெழுத்தை ஒப்பிட்டே பிழைக்கிறவனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது.)

படமும் தனியாக நின்று பேசுவதில்லை. குழாயும் கையும் உள்ள இந்தப் படத்தை, இரும்பை மட்டும் அரிக்கிற திரவத்துக்கும் போடுவார்கள்; அப்போது வார்த்தை 'வார்னிங்'. தோலைப் பொசுக்கி, கண்ணையும் கெடுப்பதற்கும் இதே படம்தான், அப்போது 'டேஞ்சர்'. எங்கள் புட்டியில் 'டேஞ்சர்'. கீழே ஒரு வாக்கியம், தோல் புண், கண் சேதம் என்று விவரம் சொன்னது. உள்ளே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கை படம் கையுறையைச் சொல்கிறது என்றுதான் அம்மா எண்ணியிருந்தாள். கண் அவள் நினைவிலேயே இல்லை.

ஆனால் அன்று அவளை வதைத்தது இந்தப் படத்தில் இல்லை. அமிலம் ப்ளீச்சிங் பவுடரைத் தொட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்பது படங்களும் அந்தந்தப் புட்டிக்குள் இருப்பதைப் பற்றியவை. இரண்டு சரக்குகள் சந்திப்பதற்கென்று ஒரு படம் கிடையாது. அது பின்பக்கத்தில், மடிப்புக்குப் பக்கத்தில், ஒரு வரியாக மட்டும் இருந்தது: ப்ளீச்சுடன் கலக்காதீர்.

அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இதத்தான மொதல்ல படமா போட்டிருக்கணும்," என்றாள் அம்மா. இப்போது பவுடர் டப்பா மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது.