ஒரே ஆள், மூன்று வேலை, ஒன்பது நாள்

கோவைக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அது. கண்ட்ரோல் அறையில் ஏசி இன்னும் மாட்டவில்லை. பேனல்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அட்டவணையைத் திறந்து காட்டினார் பிளானர் அம்மா. இடது ஓரத்தில் சிவப்பு நிறத்தில் சின்ன மனித உருவங்கள் வரிசையாக நின்றன. ஒரு ஆளுக்கு அவர் தாங்கக்கூடியதைவிட அதிக வேலை விழுந்திருக்கிறது என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் காட்டும் அடையாளம் அது.

"எல்லாச் சிவப்பும் ஒரே பையன் பேர்லதாங்க," என்றார்.

அந்தப் பையன்தான் தளத்தின் ஆட்டோமேஷன் இன்ஜினியர். நான் பார்த்தபோது பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டெர்மினல் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் விழுந்திருந்தவை மூன்று. பிஎல்சி ப்ரோகிராம் எழுதி முடிக்க 5 நாள். ஆபரேட்டர் பார்க்கும் திரைகளை வரைய 3 நாள். வெளியே தொட்டிகளிலும் குழாய்களிலும் மாட்டிய கருவிகள் ஒவ்வொன்றும் பேனலுக்குச் சரியான அளவைத்தான் அனுப்புகின்றனவா என்று பார்க்கும் லூப் செக், 3 நாள். ப்ரோகிராம் முடிந்ததும் ஆலோசகர் அதைப் பார்த்து ஒப்புதல் தர 4 நாள் எடுத்துக்கொள்வார். எல்லாம் கூடியபின் 3 நாள் சோதனை ஓட்டம், அதிலும் இதே இன்ஜினியர்தான் நிற்க வேண்டும். ப்ரோகிராம், ஒப்புதல், ஓட்டம் என்ற நீண்ட வழி 12 நாள். அதுதான் கிரிட்டிகல் பாதை.

திரைகளை 1ஆம் நாளே தொடங்கலாம், 9ஆம் நாளுக்குள் முடிந்தால் போதும். ஆக 6 நாள் ஃப்ளோட். கருவிகள் மாட்டி முடிய 2 நாள் ஆகும் என்பதால் லூப் செக் 3ஆம் நாள் தொடங்கலாம். அதற்கு ஃப்ளோட் 4 நாள். எல்லாவற்றையும் முடிந்தவரை சீக்கிரம் தொடங்கு என்று அட்டவணை போட்டிருந்ததால், 3ஆம் நாள் அந்த ஒரு பையன் மூன்று ஆளாக நிற்க வேண்டியிருந்தது. 6 முதல் 9 வரை அவருக்கு ஒரு வேலையும் இல்லை!

பிளானர் முதலில் லெவலிங் பெட்டியைத் திறந்து, `Level only within available slack` என்ற இடத்தில் டிக் போட்டார். ஸ்மூத்திங் என்று புத்தகங்கள் சொல்வது கிட்டத்தட்ட இதுதான். வேலைகளை அவற்றின் ஃப்ளோட்டுக்குள் மட்டும் நகர்த்தலாம், முடியும் தேதியைத் தொடக்கூடாது. மென்பொருள் நகர்த்தியதைக் கையால் கொஞ்சம் திருத்தினார். லூப் செக் 6 முதல் 8 வரை போயிற்று, திரைகள் 7 முதல் 9 வரை. ஐந்து நாள் நெரிசல் இரண்டு நாளாகக் குறைந்தது. ஆனால் 7, 8 இரண்டிலும் சிவப்பு போகவில்லை. போகவும் போகாது. சோதனை ஓட்டத்துக்கு முன் அவருக்கு 11 நாள் வேலை இருக்கிறது, கையில் இருப்பது 9 நாள். எப்படி மாற்றி அடுக்கினாலும் இரண்டு நாள் வழியும். இந்தக் கழித்தலைப் பொத்தானை அழுத்துமுன்பே போட்டுவிடலாம். பலர் போடுவதில்லை.

பிறகு டிக்கை எடுத்துவிட்டு `Level All` அழுத்தினார். இது லெவலிங். ஆள் ஒருவர்தான் என்பதை மாறாத எல்லையாக வைத்துக்கொண்டு தேதியை விட்டுக்கொடுப்பது. ப்ரோகிராம் 5 வரை, லூப் செக் 8 வரை, திரைகள் 11 வரை, ஓட்டம் 12 முதல் 14 வரை என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சிவப்பு முழுக்க மறைந்தது. திட்டம் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

அட்டவணை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் `Total Slack` பத்தியைக் காட்டச் சொன்னேன். லெவலிங்கில் ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். லூப் செக்குக்கு 3 நாள் ஃப்ளோட் இருப்பதாக எழுதியிருந்தது. ப்ரோகிராமுக்கு 2 நாள். இரண்டும் பொய். லூப் செக் ஒரு நாள் இழுத்தால், அதே பையன் திரைகளை ஒரு நாள் தாமதமாகத்தான் தொடங்குவார், ஓட்டமும் ஒரு நாள் தள்ளும். ஆனால் அட்டவணையில் லூப் செக்கிலிருந்து திரைகளுக்குக் கோடு இல்லை. இரண்டையும் கட்டி வைத்திருப்பது ஒரு மனிதரின் நேரம். மென்பொருள் கோடுகளை வைத்து மட்டும் ஃப்ளோட்டைக் கணக்கிடுகிறது. எலியாகு கோல்ட்ராட் 1997இல் 'கிரிட்டிகல் செயின்' எழுதியபோது, வேலைகளின் வரிசையோடு ஆட்களின் வரிசையையும் சேர்த்தே நீண்ட சங்கிலியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இருக்கும் வைத்தியம் அழகானதல்ல, ஆனால் வேலை செய்யும். ப்ரோகிராமிலிருந்து லூப் செக்குக்கும், அங்கிருந்து திரைகளுக்கும் பிளானர் கையால் இணைப்புப் போட்டார். இரண்டுக்கும் பெயரோடு 'ஆள் காரணம்' என்று குறிப்பு எழுதினார். உடனே மூன்று வேலைகளின் ஃப்ளோட்டும் பூஜ்ஜியமானது. நாளைக்கு இன்னொரு இன்ஜினியர் வந்தால் இந்த இணைப்புகளைத் தேடி எடுத்துவிட வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

லூப் செக் ஏன் திரைகளுக்கு முன்னால் என்று இன்ஜினியரைக் கேட்டேன். ஃப்ளோட் குறைவானது முதலில் என்பது மென்பொருளின் கணக்கு. அவருடைய காரணம் வேறு. "வெளியில டெக்னீஷியன் அண்ணன் 4, 12, 20 மில்லியாம்ப்னு ஒவ்வொண்ணா குடுப்பாருங்க. நான் இங்க அளவு சரியா வருதான்னு பார்க்கணும். நான் பாதி நாள் வேற வேலைக்குப் போனா, அவர் தொட்டி மேல வெயில்ல சும்மா நிக்கணும்." வயர் மாறியிருந்தாலோ, கருவியின் ரேஞ்ச் தப்பாக இருந்தாலோ முன்கூட்டியே தெரிந்தால் எலக்ட்ரீஷியன்கள் சரிசெய்ய நேரம் இருக்கும். திரைகளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மறுபடி தொடரலாம். ப்ரோகிராமில் டேக் பெயர்களும் முகவரிகளும் முடிவாகாமல் 1ஆம் நாளே திரை வரைந்தால், பாதியைத் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஆக, சீக்கிரம் தொடங்கு என்ற பழைய அட்டவணை இந்த இடத்தில் லாபமே தரவில்லை.

இனி எதை எடுப்பது? அதைச் சொல்ல சைட் இன்சார்ஜ் வர வேண்டியிருந்தது. சோதனை ஓட்டத்துக்காகப் பழைய நிலையத்தை மூன்று நாள் நிறுத்துகிறார்கள். 10, 11, 12 ஆகிய நாள்களுக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடாகிவிட்டது, ஊருக்கும் அறிவிப்புப் போய்விட்டது. "தேதிய நகர்த்துற பேச்சே வேண்டாம்மா," என்றார். அதோடு லெவலிங் கணக்கு மூடப்பட்டது. தேதி அசையாது, ஆள் எண்ணிக்கை அசையலாம் என்றால் ஸ்மூத்திங்தான்.

பிளானர் கையால் போட்ட இணைப்புகளை எடுத்துவிட்டு முந்தைய அடுக்குக்குத் திரும்பினார். வழியும் இரண்டு நாளுக்கு ஆள் வேண்டும். பையனை இரவும் பகலும் உட்கார வைக்கலாம் என்று இன்சார்ஜ் சொன்னதற்குப் பிளானர் முடியாது என்று தலையை அசைத்துவிட்டார். அடுத்த நாள்களில் ஓடும் பம்புகளுக்குமுன் நிற்கப்போவதும் அதே பையன். பேனல் பட்டறையில் திரை வரையத் தெரிந்த ஒரு மூத்த டெக்னீஷியன் இருக்கிறார். 5ஆம் நாள் டேக் பட்டியல் தயாராகிவிடும் என்பதால், 7, 8 இரண்டு நாளும் அவர் வரையலாம், 9ஆம் நாள் இன்ஜினியர் முடித்துக்கொள்வார்.

அந்த டெக்னீஷியனும் வேறு இரண்டு தளங்களின் அட்டவணையில் இருப்பவர். பிளானர் அந்தக் கோப்பைத் திறக்காமல் நேரே போன் போட்டார். 7ஆம் நாள் முழுக்க வருகிறேன், 8ஆம் நாள் மதியம்வரைதான் முடியும் என்றது மறுமுனை. மீதி அரை நாள் வேலையை 8ஆம் நாள் மாலை லூப் செக் முடிந்தபின் தான் உட்கார்ந்து முடிப்பதாக இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். பிளானர் அதையும் அட்டவணையில் ஏற்றினார். 8ஆம் நாளுக்கு நேரே ஒரே ஒரு சிவப்பு உருவம் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு பிரிண்ட் கொடுத்தார்.