தண்ணீர் நிற்கவில்லை: ஒரு கையேட்டின் கடைசிப் பக்கம் பற்றி

முதன்முதலாக வீட்டுக்கு ஓர் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வாங்குபவர் அதன் கையேட்டை வாங்கிய அன்று படிப்பதில்லை. பொருத்த வந்த பணியாளர் கிளம்பும் அவசரத்தில் வாய்மொழியாகச் சொல்லும் நான்கு வாக்கியங்களே அவருக்குக் கையேடு. அச்சிட்ட கையேடு அலமாரியிலிருந்து வெளியே எடுக்கப்படுவது, இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் செய்யும் நாளில்தான். அன்றும் அவர் முன்னுரையைப் படிக்கமாட்டார். கடைசியிலுள்ள பழுது அட்டவணைக்கே நேரே செல்வார். எனவே அந்த அட்டவணையை முதலில் எழுதிவிட்டு மற்றப் பக்கங்களுக்கு வருவதே முறை. இந்தியச் சந்தையில் பெரும்பாலும் நடப்பது வேறு. இயந்திரத்தை அறிந்தவர் ஆங்கிலத்தில் எழுதிய அட்டவணை, இயந்திரத்தைப் பார்த்திராத ஒருவரால் இந்திக்கும் தமிழுக்கும் வங்காளிக்கும் பெயர்க்கப்படுகிறது.

அப்படி வரும் அட்டவணையின் இடப்பக்க நிரலில் 'சோலனாய்டு வால்வு பழுது' என்று இருக்கும். சோலனாய்டு வால்வு என்று ஒன்று இருப்பதை அறிந்தவருக்கு இந்த அட்டவணை தேவையில்லை. அறியாதவரால் அந்த வரியைக் கண்டுபிடிக்க முடியாது. முதல்முறை வாங்கியவரிடம் இருப்பவை கண், காது, நாக்கு, கடிகாரம் ஆகியவை மட்டுமே. அவர் அறிந்தது, இரவு பத்து மணிக்குச் சமையலறைத் தொட்டிக்குள் விட்டிருக்கும் மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது என்பது. இடப்பக்க நிரல் அந்த வாக்கியத்தில் தொடங்க வேண்டும்.

தமிழில் இங்கே ஒரு சிறு பொறி இருக்கிறது. வாங்கியவர் தொலைபேசியில் 'தண்ணீர் நிற்கவில்லை' என்பார். 'நில்' என்னும் வினைக்கு ஓட்டம் ஓய்தல் என்றும் பொருள். ஓரிடத்தில் தங்குதல் என்றும் பொருள். குழாயில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அது எங்கோ கசிந்து போகிறது. இரண்டும் வேறு வேறு பழுதுகள். அட்டவணை எழுதுபவர் வினையை மட்டும் நம்பாமல் இடத்தையும் வேளையையும் சேர்த்தே எழுதவேண்டும். 'கழிவுக் குழாயில் தண்ணீர் வருகிறது' என்று மட்டும் எழுதினாலோ இன்னொரு குழப்பம் வரும். ஆர்.ஓ. இயந்திரம் வேலை செய்யும்போதெல்லாம் கழிவுக் குழாயில் தண்ணீர் வந்தே தீரும். வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் அவ்வாறு வெளியேறுவது இயல்பு. 'தொட்டி நிறைந்த பிறகும்' என்ற நிபந்தனை இல்லாவிட்டால், நன்றாக இருக்கும் இயந்திரத்துக்கே பழுது பார்க்க ஆள் அழைக்கப்படுவார்.

அடுத்த நிரலில் வழக்கமாகக் காரணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் எது தம் வீட்டுக் காரணம் என்று வாசகர் எப்படி அறிவார்? காரணங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு சோதனைதான் அவருக்குப் பயன்படும். மேற்சொன்ன பழுதுக்கு அத்தகைய சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

தொட்டி நிறைந்ததும் உள்ளேயுள்ள மிதவை மேலெழுந்து ஒரு சுவிட்சை அணைக்கிறது. மின்சாரம் நின்றதும் பம்பு ஓய்கிறது. சோலனாய்டு வால்வும் மூடிக்கொள்கிறது. மின்சாரம் இருந்தால் திறப்பதும் இல்லாவிட்டால் மூடுவதும் அந்த வால்வின் இயல்பு. ஆகவே பிளக்கைப் பிடுங்கினால் அது மூடியே ஆகவேண்டும். பிடுங்கிய பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், வால்வின் வாயில் மணல் துகளோ துருவோ சிக்கி அது முழுதாக மூடவில்லை என்று பொருள். பிடுங்கியதும் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நன்றாகவே இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்த வேண்டிய மிதவையோ சுவிட்சோதான் தன் வேலையைச் செய்யவில்லை. இதைக் காதும் உறுதிசெய்யும். முதல் பழுதில் இயந்திரம் அமைதியாக இருக்கும். இரண்டாவதில் பம்பின் ரீங்காரம் ஓயாது.

இந்த வரியைக் கையேட்டில் இப்படி எழுதலாம்:

காண்பது: தொட்டி நிறைந்த பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் வருகிறது.
செய்து பார்க்க: பிளக்கைப் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாயைப் பாருங்கள்.
இன்னும் வந்தால்: உள்வரும் தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள். தொட்டியிலுள்ள தண்ணீரைக் குடிக்கலாம். தொலைபேசியில், 'பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வருகிறது' என்று சொல்லுங்கள்.
நின்றுவிட்டால்: பிளக்கைப் பிடுங்கியபடியே விடுங்கள். தொட்டியிலுள்ள தண்ணீரைக் குடிக்கலாம். தொலைபேசியில், 'பிளக்கைப் பிடுங்கினால் நிற்கிறது' என்று சொல்லுங்கள்.

தொலைபேசியில் சொல்லவேண்டிய வாக்கியம் அலங்காரத்துக்காக அங்கு வைக்கப்படவில்லை. அதைக் கேட்டவர் எந்த உதிரிப்பாகத்தை எடுத்துவர வேண்டும் என்பதை முன்பே அறிவார். இரண்டாம் முறை வருவதும், அதற்கான கட்டணமும் மிச்சமாகும்.

மொழிபெயர்ப்பில் நேரும் இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவும் பகுதியில், ஆங்கிலக் கையேடு குழாயை மூடச் சொல்லிவிட்டு, 'கழற்றும் முன்' என்பதை வாக்கியத்தின் பின்பாதியில் வைக்கும். படிக்கும் வரிசையும் செய்யும் வரிசையும் அங்கே ஒன்றாகவே இருக்கும். அதையே தமிழாக்கினால் 'கிண்ணத்தைக் கழற்றும் முன் குழாயை மூடவும்' என்று வரும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் ஒரு கையில் கையேட்டையும் மறு கையில் ஸ்பானரையும் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் படிப்பவரின் கண்ணில் முதலில் படுவது கழற்றுவது. தண்ணீர் பீய்ச்சியடித்த பிறகே குழாய் வருகிறது. வினையை இறுதியில் வைக்கும் இந்தியிலும் இதே தலைகீழ் மாற்றம் நேர்கிறது. தமிழின் வினையெச்சமே இதற்குத் தீர்வு: 'குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றவும்.' செய்யும் வரிசை தானாக வந்து அமர்ந்துவிடுகிறது. 'முன்' என்ற சொல்லைச் செயல்முறைப் பக்கங்களிலிருந்து அடியோடு நீக்கிவிடுவதுகூட மிகையாகாது.

வாங்கியவரின் பணம் அதிகமாக வீணாகும் வரி, 'தொட்டி மெதுவாக நிறைகிறது' என்பது. தில்லியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். மணிக்கு 15 லிட்டர் தரும் இயந்திரம். 8 லிட்டர் தொட்டி. வெயில் நாளில் காலித் தொட்டி ஏறக்குறைய அரைமணியில் நிறைந்தது. ஜனவரியில் முக்கால் மணி ஆகிறது. மெம்பிரேன் போய்விட்டது, மாற்றவேண்டும் என்ற சொல் எளிதில் வந்துவிடும். மாற்றுச் செலவோ ஆயிரக்கணக்கில். உண்மையில் தண்ணீர் குளிரும்போது அதன் பிசுபிசுப்பு கூடி, மெம்பிரேன் வழியே புகும் வேகம் குறைகிறது. ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். 25 பாகையிலிருந்த தண்ணீர் 13 பாகைக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி குறைவது இயல்பே. மார்ச் வந்தால் சரியாகிவிடும்.

குளிர் இல்லாத மாதத்தில் மெதுவாக நிறைந்தால் கழிவுக் குழாயைப் பார்க்கவேண்டும். கழிவுநீரும் சேர்ந்து குறைந்திருந்தால் இயந்திரத்துக்குள் வரும் தண்ணீரே குறைந்திருக்கிறது. முன்னால் உள்ள செடிமென்ட் ஃபில்டர் மண்ணால் அடைத்திருக்கலாம், அல்லது மாடித்தொட்டியின் அழுத்தம் போதாமலிருக்கலாம். குடிநீர் மட்டும் குறைந்து கழிவுநீர் குறையாமலிருந்தால்தான் மெம்பிரேனைச் சந்தேகிக்க வேண்டும். முதலாவது மலிவான ஃபில்டர் மாற்றத்தோடு முடியக்கூடியது.

இந்த வரி பயன்பட ஒரு முன்னேற்பாடு தேவை. பெட்டியில் அச்சிட்ட 15 லிட்டர் என்பது குறிப்பிட்ட அழுத்தத்திலும் வெப்பத்திலும் எடுத்த அளவு. அந்த வீட்டின் அளவு அன்று. புதிய இயந்திரத்தின் முதல் தொட்டித் தண்ணீரை எப்படியும் வெளியே ஊற்றிவிடச் சொல்கிறோம், கரித்தூளும் மெம்பிரேனிலுள்ள பாதுகாப்பு மருந்தும் போகவேண்டும் என்பதற்காக. அதன்பின் இரண்டாம் தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதிக்கொள்ள, முதல் பக்கத்திலேயே ஒரு காலிக் கோடு விடவேண்டும். நிமிடக் கணக்கும் தேதியும் போதும். ஓராண்டு கழித்து 'மெதுவாக' என்ற சொல்லுக்குப் பொருள் தருவது அந்தக் கோடு ஒன்றே.

இத்தனைக்கும் பிறகு அட்டவணையால் செய்ய முடியாத ஒன்று எஞ்சுகிறது. புலனுக்குப் படுவதிலிருந்து தொடங்கும் அட்டவணை, புலனுக்குப் படாத பழுதைக் காட்டாது. யு.வி. விளக்கு பல மாதங்கள் எரிந்தபின், கண்ணுக்கு நீலமாகவே ஒளிர்ந்தாலும் கிருமியைக் கொல்லும் வலிமையை இழந்துவிடுகிறது. தண்ணீரின் நிறமும் சுவையும் மாறுவதில்லை. பலர் வாங்கி வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் இங்கே உதவாது. அது கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுமேயன்றிக் கிருமிகளைக் காட்டாது. உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளந்து ஒப்பிட்டால் மெம்பிரேன் உப்பைத் தடுக்கிறதா என்று அறியலாம்; அதற்குமேல் அந்த எண்ணிலிருந்து எதையும் முடிவுசெய்யக்கூடாது. எண் குறைவாக இருக்கிறது, ஆகவே தண்ணீர் பாதுகாப்பானது என்று வீட்டார் நம்புவதைக் கையேடு வெளிப்படையாக மறுத்து எழுதவேண்டும்.

எனவே அட்டவணைக்குக் கீழே இன்னொரு சிறு பட்டி வேண்டும். அதில் அறிகுறிகள் இரா; தேதிகள் மட்டுமே இருக்கும். யு.வி. விளக்கு மாற்றிய நாள், அடுத்து மாற்றவேண்டிய நாள். கார்பன் ஃபில்டருக்கும் அவ்வாறே. தலைப்பாக, 'எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மாற்றவேண்டியவை' என்று இடலாம். கையேடு அலமாரிக்குத் திரும்பிவிடும் என்பதால், அந்தப் பட்டியை ஒட்டுத்தாளாகவும் அச்சிட்டு, பொருத்த வரும் பணியாளரே முதல் தேதியைப் பேனாவால் எழுதி, இயந்திரத்தின் பக்கவாட்டில், ஈரம் படாத உயரத்தில் ஒட்டிவிட்டுச் செல்லவேண்டும்.